‘ஏம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கிறே?’ - இந்தக் கேள்விக்குப் பதில் வராது!

அந்த அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்தில் கணவர் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மூத்த மகன் தாம்பரத்தில், இளையவர் கோவையில், மகள் திருச்சியில். வீட்டை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். 84 லட்சத்துக்கு ஆள் கிடைத்தது. ஐந்து லட்சம் அட்வான்ஸ் வாங்கி, மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தமும் போட்டாயிற்று. ‘அம்மா கையெழுத்து ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்குத்தானே’ என்று விட்டுவிட்டார்கள்.

கெடு முடிய 24 நாள்கள் இருந்தபோது அம்மா ஒரே வார்த்தை சொன்னார். “நான் போட மாட்டேன்.”

அதன் பிறகுதான் குடும்பத்தோடு என்னிடம் வந்தார்கள். ஊர், உறவு விவரங்களை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். சமரசராக உட்காரும் எனக்கு, ஒருவர் வாயிலிருந்து அவருடைய உண்மையான தேவையை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதை இந்த வழக்கு அளவுக்கு வேறு எதுவும் காட்டியதில்லை.

பிள்ளைகள் மூவரும் அம்மாவிடம் பேசாமல் இல்லை. தினமும் போனில் பேசினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. “ஏம்மா மாட்டேங்கிறே?” அம்மாவின் பதிலும் ஒன்றுதான். “எனக்குப் பிடிக்கலை.” ‘அம்மாவுக்கு வீட்டு மேல பாசம். அப்பா ஞாபகம்’ என்று பிள்ளைகளே ஒரு காரணத்தையும் எழுதிக்கொண்டார்கள். அதற்கு மருந்தாக, அப்பாவின் சாய்வு நாற்காலியைத் தாம்பரத்துக்குக் கொண்டுபோய் வைப்பது என்றுகூட மூத்தவர் சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை.

நோய் வேறு, மருந்து வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

‘ஏன்’ என்றால் தமிழில் அதட்டல்

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் ‘ஏன்’ என்ற சொல் எப்போதெல்லாம் வரும்? “ஏன் லேட்டு?”, “ஏன் மார்க் குறைஞ்சுது?”, “ஏன் போனை எடுக்கலை?” குழந்தையிலிருந்தே ‘ஏன்’ என்று யாராவது கேட்டால், நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் மனது எடுத்துக்கொள்கிறது. கேட்பவர் உண்மையிலேயே காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். ஆனால், கேட்கப்படுபவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். கைக்குக் கிடைத்த சின்னக் காரணத்தை எடுத்து வீசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். ‘எனக்குப் பிடிக்கலை’ என்பது அப்படிச் சாத்தப்பட்ட கதவு.

இதையே வேறு மாதிரி கேட்கலாம். “வீட்டை வித்த பிறகு உங்களோட ஒரு நாள் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?” இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. நியாயப்படுத்தவும் ஒன்றுமில்லை. மனத்துக்குள் ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காட்சியில்தான் அவருடைய பயமும் தேவையும் இருக்கும்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ-யில் ஆள்கடத்தல் வழக்குகளில் பேச்சுவார்த்தை நடத்திய கிறிஸ் வாஸ் என்பவர், 2016-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். நம் மொழியில் ‘அளவெடுத்த கேள்வி’ என்று வைத்துக்கொள்ளலாம். டெய்லர் நம் தோளை அளந்து சட்டை தைப்பதுபோல, எதிரில் இருப்பவரின் நிலைமையை அளந்து தைத்த கேள்வி. பெரும்பாலும் ‘எப்படி’, ‘என்ன’ என்ற சொற்களை வைத்துத்தான் வரும்.

ஆனால், ‘எப்படி’யைச் சேர்த்துவிட்டாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். “எப்படிம்மா இப்படிப் பேச உனக்கு மனசு வந்துச்சு?” என்பதிலும் ‘எப்படி’ இருக்கிறது. அது கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. “உனக்கு என்னதான் வேணும்?” என்பதும் அப்படித்தான். அந்த ‘தான்’ எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அளவெடுத்த கேள்வி, ஆளை நோக்கிப் பாயாது. இருவருக்கும் நடுவில் இருக்கும் பிரச்னையை நோக்கித் திரும்பும். கேட்டு முடித்ததும், எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்கிறாரா அல்லது எங்கோ பார்த்து யோசிக்கிறாரா என்று கவனியுங்கள். யோசித்தால் கேள்வி சரியான அளவில் விழுந்திருக்கிறது.

‘போலிருக்கு’ என்ற சாவி

கேள்வி மட்டும் போதாது. கோபத்திலோ பயத்திலோ இருப்பவரிடம் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டாலும் பதில் வராது. முதலில் அந்த உணர்ச்சி கொஞ்சம் இறங்க வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது கருவி. எதிரில் இருப்பவரின் உணர்வுக்கு ஒரு பெயர் வைத்து, அதை அவரிடமே சொல்லிக்காட்டுவது.

1998-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 27-வது மாடியில், ஆயுதங்களோடு தப்பி வந்தவர்கள் ஒரு வீட்டுக்குள் இருந்தார்கள். பேசுவதற்கு போன் நம்பர் இல்லை. வாஸும் அவருடைய குழுவினரும் மூடிய கதவைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வெளியே வர உங்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, கதவைத் திறந்தால் நாங்கள் சுட்டுவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது, மறுபடி சிறைக்குப் போக விருப்பமில்லை போலிருக்கிறது என்ற பொருளில் சுமார் ஆறு மணி நேரம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உள்ளிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. கடைசியில் கதவு திறந்தது. ஒரு குண்டுகூடச் சுடப்படாமல் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

பெயர் வைத்தால் உணர்ச்சி ஏன் இறங்குகிறது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளரின் குழு 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பயத்தை எழுப்புகிற மூளைப் பகுதியான அமிக்டலாவின் வேகம் குறைந்தது. அதே படத்தைக் காட்டி, அந்த முகத்துக்குப் பொருத்தமான ஆள் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது, உணர்ச்சிக்குச் சொல் கிடைக்கும்போது அதன் சூடு கொஞ்சம் தணிகிறது.

இந்த வேலைக்கு நம் மொழியில் அருமையான ஒரு வசதி இருக்கிறது. ‘போலிருக்கு’, ‘மாதிரி தெரியுது’. “உங்களுக்குப் பயமா இருக்கு” என்று அடித்துச் சொன்னால், “எனக்கென்ன பயம்?” என்று எதிர்ப்பு வரும். “எனக்கு என்ன தோணுதுன்னா...” என்று ஆரம்பித்தால் பேச்சு நம்மைப் பற்றியதாகிவிடும். “கொஞ்சம் பயமா இருக்கு போலிருக்கு” என்றால், அது ஓர் ஊகம். நாம் சொன்னது சரியாக இருந்தால் அவர் தொடர்ந்து பேசுவார். தப்பாக இருந்தால் திருத்துவார். இரண்டிலும் நமக்குத் தெரியாத ஒன்று வெளியே வரும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாமே அவசரப்பட்டு “இல்ல, என்ன சொல்ல வந்தேன்னா...” என்று நிரப்பினால், வரவிருந்த பதில் திரும்பிப் போய்விடும்.

அந்த 40 நிமிடங்கள்

அன்று பிள்ளைகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவோடு மட்டும் பேசினேன். காபி வந்தது. அவர் தொடவில்லை.

“அவ்வளவு வருஷம் வாழ்ந்த வீட்டை விட்டுட்டு வர்றது ரொம்பக் கஷ்டமா இருக்கு போலிருக்கும்மா” என்றேன். பிள்ளைகள் சொன்னதை நம்பித்தான் இப்படி ஆரம்பித்தேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “வீடா? அது செங்கல்லும் சுண்ணாம்பும்தானேம்மா. மழை பெஞ்சா மூணு இடத்துல ஒழுகுது. மாடிப்படி ஏற முடியலை. அந்த வீட்டுக்காக ஒண்ணும் நான் அழலை.”

என் ஊகம் தப்பு. ஆனால், பிள்ளைகள் கட்டிவைத்திருந்த காரணம் ஒரே நிமிடத்தில் உதிர்ந்துவிட்டது. ஊகம் தப்பினாலும் நஷ்டமில்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

“அப்போ வீடு இல்லை... வேற ஏதோ ஒண்ணு மனசை உறுத்துற மாதிரி தெரியுது” என்றேன். பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் புடவைத் தலைப்பை மடித்தார், பிரித்தார். அந்த மௌனம் ரொம்ப நீளமாக இருந்தது. அப்புறம் சொன்னார்.

“நான் போன வருஷம் தாம்பரத்துல நாலு மாசம் இருந்தேன். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. தப்பா ஒண்ணும் நடத்தலை. மருமக தங்கமான பொண்ணு. ஆனா, ஒரு நாள் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். கதவு பூட்டியிருந்துச்சு. என்கிட்ட சாவி இல்லை. மாடிப்படியில ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர் ஃபிளாட்காரங்க வந்து ‘யாரைப் பார்க்கணும்’னு கேட்டாங்க.”

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ‘எனக்குப் பிடிக்கலை’ என்ற இரண்டு சொல், ஒரு நாள், ஓர் இடம், ஒரு காட்சியாக மாறியிருக்கிறது. பதில் நீளமாகி, அதில் ஒரு சம்பவம் வந்துவிட்டால் நீங்கள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

“சொந்தப் பிள்ளை வீட்டு வாசல்லயே வேத்தாள் மாதிரி உட்கார்ந்தது ரொம்ப வலிச்சிருக்கும் போலிருக்கு.”

“அதேதான்மா!” என்றார். கண் நிறைந்துவிட்டது.

இந்த ‘அதேதான்’ என்ற சொல்லுக்காகத்தான் சமரசர்கள் காத்திருப்போம். “சரி, நீங்க சொன்னா சரிதான்” என்பது வேறு. அது பேச்சை முடித்துக்கொள்வதற்காகச் சொல்வது. அதை நம்பி எழுந்துவந்தால், மறுநாள் “நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?” என்று ஆரம்பமாகும். ‘அதேதான்’ என்பது, ‘நான் சொல்லாததையும் நீ புரிஞ்சுக்கிட்டே’ என்று அர்த்தம்.

இப்போதுதான் கேள்விக்கான நேரம். “வீட்டை வித்த பிறகு உங்களோட ஒரு நாள் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்கம்மா?”

அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நாலு மாதம் தாம்பரம், நாலு மாதம் கோவை, நாலு மாதம் திருச்சி என்று பிள்ளைகள் போனில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. “பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போகணும். சுகருக்கும் பிரஷருக்கும் ஊருக்கு ஒரு டாக்டர். பூ வாங்க இருபது ரூபா வேணும்னாலும் கேட்கணும். பேத்தி காலேஜ் சேர்ந்திருக்கா. அவ கையில ஒரு ஐந்நூறு ரூபா வைக்க என்கிட்ட என்ன இருக்கு? இருக்கறது அந்த வீடு ஒண்ணுதான். அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா நான் யாரு?”

“எது எப்படி இருந்தா, நிம்மதியா கையெழுத்துப் போட முடியும்னு நினைக்கிறீங்க?”

உடனே பதில் வரவில்லை. ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். “எனக்குன்னு ஒரு கதவு. அதுக்கு ஒரு சாவி. கேட்காம செலவழிக்கக் கொஞ்சம் பணம். அவ்வளவுதான்மா. இதைப் போய் பிள்ளைங்ககிட்ட எப்படிக் கேட்கறது? பணத்தாசை பிடிச்ச கிழவின்னு நினைக்க மாட்டாங்க?”

ஒரு சாவி. 84 லட்ச ரூபாய் வியாபாரம் இதில்தான் நின்றுபோயிருந்தது.

மறுபக்கமும் ஒரு மனது

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், பெரிய முடிச்சு இனிமேல்தான். 84 லட்சத்தைப் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கு 28 லட்சம் என்று பிரித்து மனக்கணக்குப் போட்டிருந்தார்கள். வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது. உயில் எதுவும் எழுதவில்லை. அப்படி இருந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமமான பங்கு. ஆக, பங்குகள் நான்கு. ஆளுக்கு 21 லட்சம். அம்மாவைப் ‘பார்த்துக்கொள்வோம்’ என்று மூவரும் நினைத்தார்களே தவிர, அவரும் ஒரு பங்குதாரர் என்று யாரும் நினைக்கவில்லை.

இதைக் கேட்டதும் இளைய மகன் வெடித்தார். “அம்மாவுக்கு எதுக்கு மேடம் 21 லட்சம்? நாங்க பார்த்துக்க மாட்டோமா?”

இங்கே சட்டத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். கையெழுத்து கிடைத்திருக்கும். ஆனால், உறவு முறிந்திருக்கும். அவருக்கும் ஒரு பயம் இருக்கத்தானே செய்யும்? அவரைத் தனியே அழைத்து, அவர் மனத்தில் ஓடும் மோசமான எண்ணத்தை நானே முதலில் சொன்னேன்.

“அம்மாவைவிடப் பணம்தான் பெருசுன்னு இங்கே எல்லாரும் உங்களை நினைக்கிறாங்கன்னு வருத்தமா இருக்கு போலிருக்கு, சார்.”

நீண்ட நேரம் தரையைப் பார்த்தார். “வீட்டுக்கடன் 26 லட்சம் பாக்கி மேடம். 28 வந்தா அடைச்சிடலாம்னு பேங்குலயே பேசிட்டேன். போன வருஷம் ஏழு மாசம் எனக்கு வேலை இல்லை. அம்மாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.”

பணத்தாசை என்று குடும்பமே முத்திரை குத்தியது, உண்மையில் அவமானம். மறுபடி வேலை போனால் என்ன ஆவது என்ற பயம்.

அம்மா கேட்ட கேள்வி

இருவரிடமும் தனித்தனியே கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு மட்டும், பிள்ளைகளிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியைத் தயார் செய்ய உதவினேன். ‘முடியாது’ என்று சொல்லாமல் முடியாததைச் சொல்லும் கேள்வி அது.

நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தபோது அம்மா கேட்டார். “ஊருக்கு நாலு மாசம்னா, என் மருந்து, டாக்டர், பென்ஷன், கோயில் எல்லாத்தையும் நான் எப்படிப்பா பார்த்துக்குவேன்?”

சண்டைக் குரல் இல்லை. நிஜமாகவே வழி கேட்கும் குரல். மூத்தவர் பதில் சொல்ல வாயெடுத்தார். “நாங்க கூட்டிட்டுப்...” என்று ஆரம்பித்து, தானே நின்றுவிட்டார். அவர் ஆபீஸ் கிளம்பும் நேரம் காலை ஏழரை. மகள்தான் மெதுவாகச் சொன்னாள். “ஒரே இடத்துல இருந்தாத்தான் முடியும்.”

அளவெடுத்த கேள்வியின் இன்னொரு பலன் இது. கையில் அதிகாரம் இல்லாதவர்கூட, எதிரில் இருப்பவரையே தன் பிரச்னைக்கு வழி தேட வைக்க முடியும். “அது என்னால முடியாது” என்று அம்மா சொல்லியிருந்தால், “அதெல்லாம் முடியும்மா” என்று மூவரும் சமாதானம் சொல்லியிருப்பார்கள். கேள்வியாக வைத்ததால், முடியாது என்ற முடிவுக்கு அவர்களே வந்துசேர்ந்தார்கள். தானாக வந்த முடிவைத்தான் மனிதர்கள் காப்பாற்றுவார்கள்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேசினார்கள். தாம்பரத்தில் மூத்தவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு. வாடகையை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி. அம்மாவின் 21 லட்சம் அவர் பெயரிலேயே, போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அவர் கணக்குக்கு வரும். எல்லாவற்றையும் எழுதி நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

இளையவர்? வேலை இல்லாமல் இருந்த ஏழு மாதக் கதையை, அன்று அவரே அம்மாவிடம் சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கப்புறம் இதுவும் உங்களுக்குத்தானேடா” என்றார். ஆனாலும், ஏழு லட்சம் குறைந்தது குறைந்ததுதான். அவர் முகத்தில் அந்தக் கணக்கு இருந்தது. கடனில் ஐந்து லட்சம் பாக்கி நிற்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

எங்கே தப்பாகும்?

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே வீட்டில் முயற்சி செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, ‘ஆனா’. “உனக்குக் கோவமா இருக்கு போலிருக்கு, ஆனா நீ யோசிச்சுப் பாரு...” அந்த ‘ஆனா’ வந்ததும், முன்னால் சொன்ன எல்லாம் அழிந்துவிடும். எதிரில் இருப்பவர் ‘ஆனா’வுக்குப் பின்னால் வருவதை மட்டும்தான் கேட்பார். பெயர் வைத்தால், அதோடு நிறுத்துங்கள். உங்கள் தரப்பைச் சொல்லும் நேரம் பிறகு வரும். குரலையும் கவனியுங்கள். “ஓ... கோவமா இருக்கீங்க போலிருக்கு!” என்று இழுத்தால் அது குத்தல். அதே சொற்கள்தான், வேலை மட்டும் நேர்மாறாக நடக்கும்.

இரண்டாவது, அளவு. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு ‘போலிருக்கு’ போட்டால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் ஏதோ வித்தை காட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். அன்று 40 நிமிடங்களில் நான் சொன்னது நாலோ ஐந்தோதான். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்விகளும் அப்படித்தான். அடுத்தடுத்து நாலு ‘எப்படி’ கேட்டால் அது விசாரணை.

மூன்றாவதுதான் முக்கியம். மனதைத் திறக்க வைத்து, உள்ளே பார்த்ததைப் பிறகு ஆயுதமாக்காதீர்கள். “அன்னிக்கு நீயே சொன்னியே, வீட்டு மேல பாசமில்லைன்னு!” என்று அந்த அம்மாவிடம் யாராவது ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால், அவர் மறுபடி வாயே திறந்திருக்க மாட்டார். என்ன வெளியே வந்தாலும் அதை மதிக்கத் தயாராக இருந்தால் மட்டுமே கேளுங்கள். அவர் தேவை தெரிந்த பிறகு, உங்கள் கணக்கில் ஏழு லட்சம் குறையலாம்.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்த வழி இல்லை. அடிக்கிற கணவரின் உணர்வுக்கு மனைவி பெயர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-ஐத்தான் அழைக்க வேண்டும்.

மற்றபடி, வீட்டில் யாராவது காரணம் சொல்லாமல் ‘மாட்டேன்’ என்று நின்றால், அடுத்த முறை அந்த ‘ஏன்’ நாக்கு நுனிக்கு வரும்போது விழுங்கிவிட்டு, “வேற ஏதோ உறுத்துற மாதிரி தெரியுதே” என்று சொல்லிப் பாருங்கள். பத்து வரை எண்ணுங்கள்.

வீட்டை வாங்கியவர் இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் கொடுத்தார். பத்திரப்பதிவு முடிந்த அன்று அந்த அம்மா எனக்கு போன் செய்தார். கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “புது வீட்டுக்கு ரெண்டு சாவி கொடுத்தாங்கம்மா. ஒண்ணை என் மருமககிட்ட கொடுத்துட்டேன். அவ எப்போ வந்தாலும் வாசல்ல நிக்கக் கூடாது பாரு” என்றார்.